கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரின் டி.ஓ. ஃபியூஸ்: எந்த அளவு போடுவது, எல்.டி. ஃபியூஸோடு எப்படிப் பொருத்துவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கீழே வரும் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியது: 100 கே.வி.ஏ., 11 கே.வி./433 வோல்ட், எச்.டி. பக்கம் டெல்டா, எல்.டி. பக்கம் நியூட்ரல் எர்த் செய்யப்பட்ட ஸ்டார், இம்பீடன்ஸ் 4.5 சதவீதம். டி.ஓ. லிங்க்குகளுக்கான உருகு மின்னோட்டங்கள் ஏ.என்.எஸ்.ஐ. சி37.42 தரநிலையின் கே, டி வகைகளுக்கு உரியவை. எல்.டி. ஃபியூஸ் எண்கள் ஐ.இ.சி. 60269-இன் ஜிஜி வகை எச்.ஆர்.சி. ஃபியூஸுக்கு உரியவை. உங்கள் கையில் இருக்கும் லிங்க் வேறு வகை என்றால் முறை இதுவேதான். எண்களை மட்டும் அதன் வளைவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

100 கே.வி.ஏ.வுக்கு எச்.டி. பக்கம் 5 ஆம்பியர்தானே வருகிறது? ஏன் 10 ஆம்பியர் லிங்க் போடச் சொல்கிறார்கள்?

முழுச் சுமை மின்னோட்டம் இப்படி வருகிறது:

```
எச்.டி.: 100 / (1.732 × 11)    = 5.25 A
எல்.டி.: 100 / (1.732 × 0.433) = 133 A
```

5.25-க்கு அடுத்த பெரிய அளவு 6 கே. அதையே போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால் 10-இன் காரணம் புரிந்துவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் செய்யும் நொடியில் காந்தமாக்கும் மின்னோட்டம் பாய்ந்து வரும். லிங்க் தேர்வுக்காக அதை முழுச் சுமையின் 12 மடங்கு, 0.1 வினாடி நேரம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். முதல் அரைச் சுற்றில் அது இன்னும் உயரமாக இருக்கும் என்பதால் 25 மடங்கு, 0.01 வினாடி என்ற இன்னொரு புள்ளியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நம் டிரான்ஸ்ஃபார்மருக்கு இவை 63 ஆம்பியர், 131 ஆம்பியர். அடுத்தது, நீண்ட நேர மின்தடைக்குப் பிறகு லைன் வரும்போது எல்லா மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் இழுக்கும் சுமை. அதை 3 மடங்கு, 10 வினாடி என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஏறக்குறைய 16 ஆம்பியர்.

6 கே லிங்க் 10 வினாடியில் உருகத் தேவையான குறைந்தபட்ச மின்னோட்டம் 13.5 ஆம்பியர். 16 ஆம்பியரை 10 வினாடி அது தாங்காது. 0.1 வினாடிப் புள்ளியில் அதன் எல்லை 72 ஆம்பியர். 63 அதற்குள்தான் அடங்குகிறது, ஆனால் இடைவெளி மிகக் குறைவு. உருகு நேரத்தின் முக்கால் பங்கைத் தாண்டிச் சூடான லிங்க்கைப் பழுதடைந்ததாகவே கருத வேண்டும் என்பது பொது விதி. 63 ஆம்பியரில் 6 கே உருக சுமார் 0.13 வினாடி ஆகும். அதன் முக்கால் பங்கு 0.1. ஒவ்வொரு சார்ஜிங்கும் அந்த லிங்க்கை எல்லை வரை கொண்டுபோகிறது என்று பொருள். பல மாதம் நின்ற லிங்க் ஒருநாள் காரணமே இல்லாமல் விழுவது இப்படித்தான்.

10 கே லிங்க்குக்கு 0.1 வினாடி எல்லை 128 ஆம்பியர். 0.01 வினாடியில் உருக 400 ஆம்பியர் அளவு வேண்டும். 16 ஆம்பியரில் அது ஐந்து நிமிடம் ஆனாலும் உருகாது. மூன்று சோதனையிலும் தாராளமாகத் தேறுகிறது.

மின்னலும் ஒரு காரணம். அரெஸ்டர் டி.ஓ.வுக்குக் கீழே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கட்டப்பட்டிருந்தால் அது எர்த்துக்குக் கடத்தும் மின்னல் மின்னோட்டம் முழுவதும் லிங்க் வழியாகத்தான் போகும். மெல்லிய லிங்க்குகள் அதில் உருகிவிடுகின்றன.

அப்படியானால் ஓவர்லோடு ஆனால் டி.ஓ. காப்பாற்றாதா?

காப்பாற்றாது. அதை எதிர்பார்க்கவும் கூடாது. 10 கே லிங்க் 15 ஆம்பியரைத் தொடர்ந்து சுமக்கும். 300 வினாடியில் உருகவே 19.5 ஆம்பியர் வேண்டும். அது முழுச் சுமையைப் போல 3.7 மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு மடங்கு சுமையில் எண்ணெய் கொதித்துக் காயில் கருகினாலும் லிங்க் அசையாது.

டி.ஓ.வின் வேலை வேறு. டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஃபால்ட் வந்தாலோ, எச்.டி. புஷிங்கில் ஃப்ளாஷ் ஆனாலோ, டிரான்ஸ்ஃபார்மருக்கும் எல்.டி. ஃபியூஸுக்கும் இடையே கேபிளில் ஷார்ட் ஆனாலோ, ஃபீடரிலிருந்து இந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கழற்றிவிடுவது. ஓவர்லோடும் எல்.டி. லைன் ஃபால்ட்டும் எல்.டி. ஃபியூஸின் பொறுப்பு. இந்தப் பிரிவினை மனதில் நின்றுவிட்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

டி.ஓ. செட்டின் மேல் 100 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே?

அது பீங்கானும் கான்டாக்ட்டும் குழாயும் சேர்ந்த செட்டின் அளவு. குழாய்க்குள் போடும் லிங்க்கின் அளவு தனி. லிங்க்கின் பொத்தான் தலையிலோ வால் கம்பியின் பட்டையிலோ அச்சிட்டிருக்கும். 100 ஆம்பியர் செட்டில் 10 கே போடுவது முறையான பயன்பாடுதான்.

எல்.டி. பக்கம் ஷார்ட் ஆனால் எச்.டி. பக்கம் எவ்வளவு ஓடும்? 25.4 ஆல் வகுத்தால் போதுமா?

மூன்று ஃபேஸும் ஒன்றாக ஷார்ட் ஆனால் மட்டும் போதும். மற்ற இரண்டு வகை ஃபால்ட்டிலும் டெல்டா–ஸ்டார் இணைப்பு கணக்கை மாற்றுகிறது. பொருத்தம் பார்ப்பவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

எல்.டி. சுருள் ஒவ்வொன்றிலும் 250 வோல்ட், எச்.டி. சுருள் ஒவ்வொன்றிலும் 11,000 வோல்ட். ஆகவே சுருளுக்குச் சுருள் விகிதம் 44.

ஒரு ஃபேஸ் நியூட்ரலோடு ஷார்ட் ஆனால் அந்த ஒரு சுருளில் மட்டும்தான் மின்னோட்டம். அது எச்.டி. சுருளில் 44-இல் ஒரு பங்காகத் தெரியும். அந்தச் சுருளின் இரு முனையும் இரண்டு எச்.டி. லைனில் இருப்பதால், இரண்டு டி.ஓ.வில் அதே அளவு ஓடும்; மூன்றாவதில் ஒன்றுமில்லை.

இரண்டு ஃபேஸ் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் இரண்டு சுருளில் ஒரே மின்னோட்டம், எதிரெதிர் திசையில். டெல்டாவில் அந்த இரண்டு சுருளும் சந்திக்கும் முனையில் இரண்டும் கூடிவிடும். அந்த லைனின் டி.ஓ.வில் 44-இல் இரண்டு பங்கு, அதாவது 22-இல் ஒரு பங்கு ஓடும். மற்ற இரண்டிலும் அதில் பாதி.

ஆகவே எல்.டி. ஃபியூஸில் அதே 1,000 ஆம்பியர் ஓடினாலும் டி.ஓ.வுக்குத் தெரிவது ஃபேஸ்–நியூட்ரலில் 23, மூன்று ஃபேஸில் 39, ஃபேஸ்–ஃபேஸில் 45 ஆம்பியர். எல்.டி. ஃபியூஸ் முந்துமா என்று சோதிக்க 22 ஆல் வகுக்க வேண்டும், ஏனெனில் டி.ஓ. அவசரப்படும் நிலை அதுதான். டி.ஓ. ஃபால்ட்டைக் கவனிக்குமா என்று சோதிக்க 44 ஆல் வகுக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே ஷார்ட் ஆனால் எல்.டி. மின்னோட்டம் 133-ஐ 0.045 ஆல் வகுத்து வரும் 2,960 ஆம்பியர் அளவு. எச்.டி. ஃபீடரின் இம்பீடன்ஸைச் சேர்த்தால் சற்றுக் குறையும். எச்.டி. பக்கம் மூன்று ஃபேஸ் ஃபால்ட்டுக்கு 117 ஆம்பியர், ஃபேஸ்–நியூட்ரலுக்கு 67 ஆம்பியர். இந்த 67-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்.டி. பக்கம் ஒரே ஒரு 160 ஆம்பியர் ஃபியூஸ் செட் போட்டிருக்கிறோம். 10 கே-யுடன் ஒத்துப்போகுமா?

ஃபேஸ்–நியூட்ரல் ஃபால்ட்டுக்கு ஒத்துப்போகும். ஃபேஸ்–ஃபேஸ் ஃபால்ட்டுக்குப் போகாது.

160 ஆம்பியர் ஜிஜி ஃபியூஸ் எவ்வளவு மந்தமானதாக இருந்தாலும் 950 ஆம்பியரில் 5 வினாடிக்குள்ளும், 2,590 ஆம்பியரில் 0.1 வினாடிக்குள்ளும் உருகியாக வேண்டும் என்பது தரநிலை. அந்த 950-ஐ எடுத்துக்கொள்வோம். லைன் பாதி தூரத்தில் இரண்டு கம்பி காற்றில் உரசி ஒட்டிக்கொண்டால் இந்த அளவு வரலாம்.

950-ஐ 22 ஆல் வகுத்தால் 43 ஆம்பியர். 10 கே லிங்க் 43 ஆம்பியரில் ஒன்று முதல் ஒன்றரை வினாடிக்குள் உருகத் தொடங்கிவிடும். எல்.டி. ஃபியூஸ் 5 வினாடி வரை எடுத்துக்கொள்ளலாம். டி.ஓ. விழுந்துவிடும், எல்.டி. ஃபியூஸ் நின்றுவிடும். அதே 950 ஃபேஸ்–நியூட்ரலில் வந்தால் டி.ஓ.வுக்கு 21.6 ஆம்பியர்தான், அதில் உருக 10 வினாடிக்கு மேல் ஆகும், எல்.டி. ஃபியூஸ் முந்திவிடும்.

முனைக்கு அருகே பெரிய ஃபால்ட் வந்தாலும் நிலைமை இறுக்கமானதுதான். 2,590 ஆம்பியரில் எல்.டி. ஃபியூஸுக்கு 0.1 வினாடி, எச்.டி.யில் 118 ஆம்பியர், 10 கே-க்கு 0.12 வினாடி. முக்கால் பங்கு விதிப்படி 0.09-க்குள் எல்.டி. ஃபியூஸ் முடித்திருக்க வேண்டும். முடிக்காது. டி.ஓ. அப்போது விழாமல் போனாலும் லிங்க் பழுதாகி நிற்கும்.

களத்தில் இதன் அடையாளம் தெளிவானது. காற்று வீசும் நாளில் டி.ஓ. விழும், எல்.டி. ஃபியூஸ் மூன்றும் நன்றாக இருக்கும். லிங்க் மாற்றிச் சார்ஜ் செய்தால் நிற்கும். அடுத்த காற்றில் மறுபடி விழும். டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகித்து இறக்கிச் சோதித்தால் அதில் எந்தக் குறையும் இருக்காது.

அப்படியானால் 15 கே போட்டுவிட்டால் சரியாகிவிடாதா?

பொருத்தம் மேம்படும் என்பது உண்மை. 15 கே லிங்க் 43 ஆம்பியரில் உருக 5 அல்லது 6 வினாடி எடுத்துக்கொள்ளும். 160 ஆம்பியர் ஃபியூஸின் 5 வினாடியோடு ஏறக்குறைய ஒட்டி நிற்கும். பெரிய ஃபால்ட்டில் 118 ஆம்பியருக்கு 0.3 வினாடிக்கு மேல் கிடைக்கிறது, அது போதுமான இடைவெளி.

இதற்குக் கொடுக்கும் விலைதான் என்னைத் தடுக்கிறது. நினைவில் வைக்கச் சொன்ன 67 ஆம்பியரைப் பாருங்கள். எல்.டி. புஷிங்குக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கும் இடையிலான கேபிள் வெடித்து ஒரு ஃபேஸ் நியூட்ரலைத் தொட்டால், அதைத் துண்டிக்க டி.ஓ.வைத் தவிர வேறு யாரும் இல்லை. 10 கே லிங்க் 67 ஆம்பியரில் ஒரு வினாடிக்குள் முடித்துவிடும். 15 கே லிங்க்கின் மந்தமான எல்லை 10 வினாடிக்கு 55 ஆம்பியர், 0.1 வினாடிக்கு 258 ஆம்பியர். 67 ஆம்பியர் அந்த மந்தமான முனைக்கு அருகில் விழுகிறது. துண்டிக்கச் சில வினாடிகள் ஆகலாம். ஐ.இ.சி. 60076-5 தரநிலைப்படி டிரான்ஸ்ஃபார்மர் வெப்பத்தில் தாங்க வேண்டிய ஷார்ட் சர்க்யூட் நேரம் 2 வினாடி. சுருளில் முழுச் சுமையைப் போல 22 மடங்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 2 வினாடியைத் தாண்டிப் போகும் லிங்க்கை நான் டிரான்ஸ்ஃபார்மர் காப்பு என்று ஏற்க மாட்டேன்.

ஆகவே டி.ஓ.வைப் பெரிதாக்குவதைவிட எல்.டி. ஃபியூஸைச் சிறிதாக்குவதே சரியான வழி.

எல்.டி. முழுச் சுமையே 133 ஆம்பியர். ஃபியூஸை எப்படிச் சிறிதாக்குவது?

ஒரே வெளியேற்றத்தை இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் செட் வையுங்கள். சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 66 ஆம்பியர் அளவு. அதற்கு 80 ஆம்பியர் ஜிஜி ஃபியூஸ் போதும்.

80 ஆம்பியர் ஃபியூஸ் 425 ஆம்பியரில் 5 வினாடிக்குள் உருகியாக வேண்டும். 22 ஆல் வகுத்தால் எச்.டி.யில் 19.3 ஆம்பியர். மற்ற சர்க்யூட்டின் சுமையும் அதே டி.ஓ. வழியாகப் போகிறது என்பதை மறக்கக் கூடாது, அது 2.6 ஆம்பியர். கூட்டினால் 22 ஆம்பியருக்குக் கீழே. 10 கே அதில் உருக 10 வினாடிக்கு மேல் வேண்டும். பெரிய ஃபால்ட்டில் 1,100 ஆம்பியருக்கு 0.1 வினாடி, எச்.டி.யில் 50 ஆம்பியர், அதோடு அந்த 2.6. அதில் 10 கே-க்கு அரை வினாடிக்கு மேல் கிடைக்கிறது. இரண்டு முனையிலும் எல்.டி. ஃபியூஸ் தெளிவாக முந்துகிறது. 67 ஆம்பியர் ஃபால்ட்டைப் பிடிக்கும் 10 கே-யின் வேகத்தையும் நாம் இழக்கவில்லை.

100 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால்? 580 ஆம்பியருக்கு 5 வினாடி, எச்.டி.யில் 26.4, மற்ற சர்க்யூட்டின் சுமையோடு 29. 10 கே அங்கே 4 வினாடி அளவில் உருகத் தொடங்கும். மந்தமான முனையில் இரண்டு வளைவும் வெட்டிக்கொள்கின்றன. தரநிலை அனுமதிக்கும் மிக மந்தமான ஃபியூஸை வைத்துப் போட்ட கணக்கு இது. நீங்கள் வாங்கும் ஃபியூஸ் அதைவிட வேகமாக இருக்கலாம். தயாரிப்பாளரின் வளைவை டி.ஓ. வளைவின் மேல் வைத்துப் பார்த்த பிறகு மட்டுமே 100-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓவர்லோடு பக்கமும் இதில் கொஞ்சம் நன்மை இருக்கிறது. ஜிஜி ஃபியூஸ் அதன் அளவைப் போல 1.25 மடங்கு வரை உருகாமல் நிற்கலாம். இரண்டு 80-உம் சேர்ந்து 200 ஆம்பியர் வரை விட்டுவிடக்கூடும். அது முழுச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டு 100 என்றால் 250 ஆம்பியர். இரண்டும் துல்லியமான ஓவர்லோடு காப்பு ஆகாது. மாலை உச்ச நேரத்தில் டாங்க் டெஸ்டர் வைத்து மூன்று ஃபேஸையும் அளந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை.

டி வகை லிங்க் போட்டால் பொருத்தம் கிடைக்குமா?

10 டி லிங்க் பெரிய மின்னோட்டத்தில் மெதுவானது: 0.1 வினாடிக்கு 224 ஆம்பியர். முனைக்கு அருகே வரும் ஃபால்ட்டில் இது நல்ல இடைவெளி தரும். ஆனால் 300 வினாடிப் புள்ளியில் 10 கே-யும் 10 டி-யும் ஒன்றே. 160 ஆம்பியர் ஃபியூஸோடு சிக்கல் வரும் 43 ஆம்பியரில் 10 டி-யும் 5 வினாடிக்கு முன்பே உருகும். இன்னொரு சங்கடமும் உண்டு: ஒரே லைனில் கே-யும் டி-யும் கலந்தால் மாற்றுபவர் பையில் எது இருக்கிறதோ அதைப் போட்டுவிடுவார். ஒரு ஃபீடருக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்வது நல்லது.

எல்.டி. ஃபியூஸ் எச்.ஆர்.சி. இல்லை, கட்டையில் கம்பி கட்டுகிறோம். என்ன கம்பி?

முடிந்தால் எச்.ஆர்.சி.க்கு மாறுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன பொருத்தம் முழுவதும் கம்பியில் நிச்சயமற்றதாகிவிடும். செம்புக் கம்பி உருகும் மின்னோட்டம் தோராயமாக, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 1.5 அடுக்குக்கு உயர்த்தி 80 ஆல் பெருக்கினால் வரும்:

```
1.63 மி.மீ. (16 கேஜ்): 80 × 1.63^1.5 = 166 A
2.03 மி.மீ. (14 கேஜ்): 80 × 2.03^1.5 = 231 A
3.25 மி.மீ. (10 கேஜ்): 80 × 3.25^1.5 = 469 A
```

இது திறந்த காற்றில் நீண்ட நேரம் ஓடினால் உருகும் அளவு. கட்டைக்குள் நீளம் குறைவாக இருந்தால் முனைகள் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், உருகும் அளவு கூடும். இரண்டு இழையை முறுக்கினால் சரியாக இரண்டு மடங்கும் வராது. 66 ஆம்பியர் சர்க்யூட்டுக்கு 16 கேஜ் ஒற்றைக் கம்பியே போதும்.

ஆபத்தானது கடைசி வரி. அடிக்கடி உருகுகிறது என்று 10 கேஜ் கம்பியோ, அலுமினிய கண்டக்டர் இழையோ கட்டிவிடுகிறார்கள். லைன் கடைசியில் ஒரு ஃபேஸ் நியூட்ரலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர லைன் இம்பீடன்ஸ் 0.8 ஓம், டிரான்ஸ்ஃபார்மருடையது 0.08 ஓம் என்றால் ஃபால்ட் மின்னோட்டம் 250-ஐ 0.88 ஆல் வகுத்து வரும் 284 ஆம்பியர்தான். 80 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸ் பத்து வினாடிக்கு அக்கம்பக்கத்தில் அதைத் துண்டிக்கும். 10 கேஜ் கம்பி உருகவே உருகாது. டி.ஓ.வுக்குத் தெரிவது 284-ஐ 44 ஆல் வகுத்து வரும் 6.5 ஆம்பியர், அது 10 கே சுமக்கும் சாதாரணச் சுமை. அதாவது அந்த ஃபால்ட்டைக் கவனிக்க இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. கண்டக்டர் சிவந்து, ஜாயின்ட் உருகி, கம்பி அறுந்து கீழே விழுந்த பிறகுதான் அது நிற்கும்.

அறுந்த கம்பி காய்ந்த மண்ணில் கிடந்தால் சரியான ஃபியூஸ்கூட உருகாது. ஓடும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. ஆகவே லைன் அறுந்தது என்று தகவல் வந்தால் "ஃபியூஸ் போயிருக்கும்" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. டி.ஓ.வை இறக்கி, கம்பியைச் சோதித்து, எர்த் செய்த பிறகே தொட வேண்டும்.

டி.ஓ.வில் லிங்க் இல்லாதபோது சாதாரண ஃபியூஸ் கம்பி கட்டலாமா?

கூடாது. லிங்க் உருகுவதோடு அதன் வேலை முடிவதில்லை. லிங்க்கின் இழுவிசைதான் குழாயின் கீழ்ப்பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அது உருகியதும் பூட்டு விடுபட்டு குழாய் தொங்கும். உருகும்போது எழும் ஆர்க் குழாயின் உட்சுவரிலிருந்து வாயுவைக் கிளப்பி, அந்த வாயு ஆர்க்கை ஊதித் தள்ளும். மின்னோட்டம் அடுத்து சுழியைக் கடக்கும்போது அது அணையும். சிறிய மின்னோட்டங்களில் இந்த வேலையைச் செய்வது லிங்க்கைச் சுற்றியுள்ள சிறு உறை. வெறும் கம்பியில் அந்த உறை கிடையாது. கம்பியைக் குழாய்க்கு வெளியே சுற்றிக் கட்டினால் வாயுவும் கிடையாது, பூட்டும் விடுபடாது. ஆர்க் 11 கே.வி.யில் நின்று எரியும், குழாய் கருகும். அதன் உருகு வளைவு என்னவென்றே தெரியாததால் எல்.டி. பொருத்தத்தைப் பற்றிப் பேசவும் வழியில்லை.

டி.ஓ. விழுந்திருக்கிறது, எல்.டி. ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது. எங்கே தேடுவது?

முதலில் கழற்றிய லிங்க்கையும் குழாயையும் பாருங்கள். லிங்க்கின் உருகு பகுதி முழுவதும் ஆவியாகி, குழாய் உள்ளே புதிதாகக் கருத்திருந்தால் பெரிய மின்னோட்டம் ஓடியிருக்கிறது: எச்.டி. புஷிங்கில் பறவை, அணில், அல்லது டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே ஃபால்ட். உருகு பகுதியில் சிறு இடைவெளி மட்டும் விழுந்து மீதி அப்படியே இருந்தால் சிறிய மின்னோட்டம், அல்லது பலமுறை சூடாகிச் சோர்ந்த லிங்க்.

பிறகு எல்லா டி.ஓ.வையும் இறக்கி, எல்.டி. ஃபியூஸ்களையும் கழற்றி, எர்த் செய்து, டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்புறத்தைப் பாருங்கள்: புஷிங்கில் கருப்பு, எண்ணெய்க் கசிவு, டாங்க் உப்பல். சோதனைக்காக எர்த்தையும் லைன் இணைப்புகளையும் கழற்றி, மெக்கர் வைத்து எச்.டி.–எர்த், எச்.டி.–எல்.டி., எல்.டி.–எர்த் மூன்றையும் அளக்க வேண்டும். கடைசி அளவுக்கு நியூட்ரல் எர்த்தையும் கழற்ற மறக்காதீர்கள். மெக்கர் நன்றாக இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் அதில் தெரியாது. அதற்குச் சுமையில்லாமல் சார்ஜ் செய்து பார்ப்பதுதான் வழி. புதிய லிங்க் சுமையின்றி உடனே விழுந்தால் குறை டிரான்ஸ்ஃபார்மரில். நின்றால், சர்க்யூட்டை ஒவ்வொன்றாகச் சேர்த்து எல்.டி. லைனில் தொய்வான கம்பியைத் தேடுங்கள், எல்.டி. ஃபியூஸ் அளவு கூடுதலாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு டி.ஓ. மட்டும் ஃபால்ட்டில் விழுந்திருந்தாலும் மூன்று லிங்க்கையும் மாற்றுங்கள். மேலே பார்த்தபடி ஃபேஸ்–நியூட்ரல் ஃபால்ட்டில் இரண்டு டி.ஓ.வில் ஒரே அளவு ஓடுகிறது. ஒன்று சற்று முந்தி உருகியது, அவ்வளவுதான். அடுத்தது பாதி உருகிய நிலையில் நிற்கிறது.

ஒரு டி.ஓ. விழுந்தால் எல்.டி.யில் ஒரு ஃபேஸ்தானே போக வேண்டும்? எல்லா வீட்டிலும் ஏதோ வெளிச்சம் இருக்கிறதே?

எச்.டி. டெல்டா என்பதால் ஒரு லைன் போனாலும் மற்ற இரண்டு லைனுக்கு இடையே ஒரு சுருள் முழு வோல்டேஜில் இருக்கும். மீதி இரண்டு சுருளும் தொடராகச் சேர்ந்து அதே வோல்டேஜைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு ஃபேஸில் 250 வோல்ட், மற்ற இரண்டிலும் அதில் பாதி அளவு. சுமை சமமாக இல்லாவிட்டால் பாதியும் ஏறி இறங்கும். பாதி வோல்டேஜில் மோட்டாரும் ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் சுழலாமல் மின்னோட்டத்தை மட்டும் இழுத்துக் கருகும். எல்.டி. ஃபால்ட்டுக்கு எல்.டி. ஃபியூஸே முந்த வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம். இந்தப் புகார் வந்தால் உடனே எல்.டி. ஃபியூஸ்களைக் கழற்றிவிட்டு, அதன் பிறகு டி.ஓ.வைக் கவனியுங்கள்.

மற்ற அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு?

அதே மூன்று சோதனை: 25 மடங்கு, 12 மடங்கு, 3 மடங்கு. 11 கே.வி.யில் 63 கே.வி.ஏ.வுக்கு முழுச் சுமை 3.3 ஆம்பியர். 0.1 வினாடிக்கு 40, 10 வினாடிக்கு 10 ஆம்பியர்; 6 கே தேறும். 160 கே.வி.ஏ.வுக்கு 8.4 ஆம்பியர். 0.1 வினாடிக்கு 101, 10 வினாடிக்கு 25; 15 கே தேறும், அங்கே முனை ஃபேஸ்–நியூட்ரல் ஃபால்ட்டும் எச்.டி.யில் 108 ஆம்பியராக உயர்வதால் அந்த லிங்க் வேகமாகவே பிடிக்கும். 15 கே சரியா தவறா என்பது லிங்க்கை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது இல்லை, டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிப் பெரிதோ சிறிதோ வைக்கும் அன்றே டி.ஓ. லிங்க்கையும் எல்.டி. ஃபியூஸையும் சேர்த்து மாற்றுங்கள். 160-ஐ இறக்கி 100-ஐ ஏற்றிவிட்டுப் பழைய 15 கே-யை அப்படியே விட்டுவருவது, மேலே நான் வேண்டாம் என்று சொன்ன நிலையை நாமே ஏற்படுத்துவதாகும்.